புது டொமைன், பழைய பகை: முன்பின் தெரியாதவரின் மடலுக்கு ஏன் கதவு திறப்பதில்லை?

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரல. இன்னைக்கு ஒரு சொந்த சோகத்துல ஆரம்பிச்சு அப்படியே சரித்திரத்துக்குள்ள போயிட்டு வரலாம்னு இருக்கேன். பதிவு நீளம். காப்பி போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

கோவையில நண்பர் ஒருத்தர் சின்னதா பதிப்பகம் நடத்துறார். 2022 ஜனவரியில ஒரு பழைய பயண நூலை மறுபதிப்பு செய்ய முன்வெளியீட்டுத் திட்டம் போட்டார். 150 பேர் முன்பணம் கட்டினா பேப்பருக்குப் பணம் ஆச்சு, இல்லைன்னா கடன். புத்தகக் காட்சி ஸ்டால்ல வர்றவங்க பேரும் மெயில் முகவரியும் எழுதுற நோட்டு இருக்குமில்லையா, எட்டு வருஷ நோட்டுகளைச் சேத்தா 3,200 முகவரி தேறுச்சு. பதிப்பகத்துக்குன்னு புது டொமைன் வாங்கினது திங்கக்கிழமை. புதன்கிழமை ராத்திரி 3,200 பேருக்கும் ஒரே மூச்சுல அனுப்பியாச்சு. அனுப்பினது யாருங்கறீங்க? அடியேன்தான். கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்னு நம்பிக் கூப்பிட்டார் மனுஷன்.

410 மடல் முகவரியே இல்லைன்னு திரும்பி வந்துச்சு. முன்பணம் கட்டினவங்க 11 பேர். அதுகூடப் பரவாயில்லைங்க. ரெண்டு நாள் கழிச்சு அவர் சிவகாசி அச்சகத்துக்கு வேற ஒரு புத்தகத்தோட அட்டைப்படத்தை அதே டொமைன்ல இருந்து அனுப்பினார். நாலு நாள் பதிலே இல்ல. போன் போட்டா, "மெயிலே வரலீங்களே அண்ணாச்சி" அப்படின்னு பதில். தேடிப் பாத்தா ஸ்பாம் பெட்டிக்குள்ள கிடக்குது. அந்த நாலு நாள்ல அச்சகத்து மெஷின் வேற வேலைக்குப் போயிடுச்சு. எழுத்தாளர்களுக்கு எழுதினதும் அதே கதி. விளம்பரத்துக்கு வாங்கின கெட்ட பேரு, தினப்படி கடிதத்தையும் சேத்து முழுங்கிடுச்சு.

அப்பதான் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. ஒரு தப்பும் செய்யாத, பிறந்து மூணே நாளான டொமைனை ஏன் இப்படித் திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறாங்க? அறியாதவங்களுக்குச் சந்தேகத்தின் பலனைக் குடுக்கணும்தானே நியாயம்? இதுக்குப் பதில் தேடப் போய் மாட்டிக்கிட்டதுதான் இந்தச் சரித்திரம். கொசுவத்தியைச் சுத்துங்க.

1978, மே மாசம். அமெரிக்காவுல அர்ப்பாநெட் இருந்த காலம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில சந்தைப்படுத்துற வேலையில இருந்த கேரி தூர்க் என்பவர், தங்களோட புது கம்ப்யூட்டரைக் காட்டப் போறோம், வாங்கன்னு மேற்குக் கரையில இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். அர்ப்பாநெட்காரங்க முகவரியெல்லாம் அச்சிட்ட புத்தகமாவே இருந்துச்சு, அதுல இருந்து பாத்துப் பாத்து தட்டச்சு செஞ்சிருக்காங்க. முகவரிப் பட்டியல் நீண்டு போய், கடைசிப் பகுதி மடலோட உள்ளடக்கத்துலயே வழிஞ்சிடுச்சாம். உலகத்தின் முதல் ஸ்பாம்னு இன்னைக்கும் இதைத்தான் சொல்றாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் தண்டனை. வலையமைப்பை நடத்தின ராணுவ நிறுவனத்துல இருந்து கடுமையான கண்டனம் வந்துச்சு, அவ்வளவுதான். வேற என்ன செய்யணும்? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தப்பு செஞ்சா மேலதிகாரிக்குத் தகவல் போகும். நற்பெயர்ங்கறது அப்ப மனுஷங்க தலைக்குள்ள இருந்துச்சு, எந்தச் சர்வரும் அதைக் கணக்கு வச்சுக்க வேண்டிய அவசியமே இல்ல. 1982-ல ஜான் போஸ்டல் எழுதின எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில இந்த ஊர்ப்பழக்கம் அப்படியே படிஞ்சிருக்கு. "நான் இன்னார், இந்த மடலை வாங்கிக்கோ"ன்னு யார் வந்து சொன்னாலும் அடுத்த சர்வர் வாங்கிக்கும். நீ அவன்தானான்னு கேக்க அதுல வழியே கிடையாது. திண்ணையில யார் படுத்தாலும் கேள்வி கேக்காத காலத்து வீடு மாதிரி.

1994 ஏப்ரல்ல அரிசோனாவைச் சேர்ந்த வக்கீல் தம்பதி, கேன்டரும் சீகலும், கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை யூஸ்நெட் குழுமம் ஆயிரக்கணக்குல ஒட்டினாங்க. திட்டி வந்த மடல்களோட எண்ணிக்கையில அவங்களுக்கு இணைப்பு குடுத்தவரோட கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பப் படுத்துடுச்சு, கணக்கையும் மூடினாங்க. ஆனா இந்தத் தடவை தம்பதிக்கு வெக்கமே வரல. வேற இடத்துல இணைப்பு வாங்கி, இப்படி விளம்பரம் செஞ்சு பணம் பண்றது எப்படின்னு புத்தகமே எழுதினாங்க! ஊரார் திட்டினா திருந்துவான்ங்கற ஏற்பாடு அதோட காலி.

அதுக்கப்புறம்தான் கணக்குப் புத்தகம் வருது. 1997-ல பால் விக்ஸியும் கூட்டாளிகளும் சேந்து ஸ்பாம் அனுப்புற ஐ.பி. முகவரிகளோட கறுப்புப் பட்டியல் ஒண்ணை ஆரம்பிச்சாங்க. ஆர்.பி.எல்.னு பேரு. முதல்ல ரௌட்டர்களுக்கான வழியில பரப்பி, பிறகு டி.என்.எஸ். வழியா யார் வேணாலும் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு ஆக்கினாங்க. அந்த முறை இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. மடல் கொண்டு வர்ற முகவரியோட எண்களைத் தலைகீழாப் போட்டு, பட்டியலோட பேரைப் பின்னால சேத்துக் கேக்கணும். 192.0.2.99-னு வச்சுக்குவோம்:

```
dig +short 99.2.0.192.bl.example.net
127.0.0.2
```

127.0.0 அப்படின்னு ஆரம்பிக்கிற பதில் வந்தா ஆள் பட்டியல்ல இருக்கான். பதிலே வரலைன்னா இல்ல. இதுல கவனிக்க வேண்டியது அந்த ரெண்டாவது பாதிதான். பட்டியல்ல இல்லாத எவனும் நல்லவன். 1998-ல ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கின ஸ்பாம்ஹவுஸும் இதே அடிப்படையிலதான் வேலையை ஆரம்பிச்சது. தப்பு செஞ்சவன் பேரை எழுது, மத்தவங்களை விடு. நான் 2022-ல எதிர்பாத்த நியாயம் இதுதான். ஒரு காலத்துல நிஜமாவே அது அமல்ல இருந்திருக்கு!

அதை யார் கெடுத்தாங்கன்னா, பேரை மாத்திக்கிட்டு வரத் தெரிஞ்சவங்க. 2003 வாக்குல சோபிக் மாதிரி வைரஸ்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடிச்சு, சொந்தக்காரருக்கே தெரியாம ஸ்பாம் அனுப்ப வச்சுது. நேத்து வரைக்கும் ஒரு புகாரும் இல்லாத ஒரு பாட்டியோட கம்ப்யூட்டர், இன்னைக்கு ராத்திரி பத்தாயிரம் மடல் அனுப்பும். பட்டியல்ல ஏத்துறதுக்குள்ள அடுத்த பாட்டி. இன்னொரு கூட்டத்தோட வேலைக்கு 'ஸ்னோஷூ'ன்னே பேரு வச்சாங்க. பனியில நடக்குறவங்க அகலமான செருப்பைப் போட்டு எடையைப் பரப்பிக்கிற மாதிரி, நூத்துக்கணக்கான ஐ.பி., நூத்துக்கணக்கான டொமைன், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சமே கொஞ்சம் மடல். எதுவுமே தனியாக் கண்ணுல படாது.

டொமைன் பக்கம் இதைவிடக் கூத்து. ஒரு டொமைனைப் பதிஞ்சு அஞ்சு நாளைக்குள்ள வேண்டாம்னு சொன்னா காசு திரும்பக் கிடைக்கும்னு ஐகான் விதியில ஒரு சலுகை இருந்துச்சு. எழுத்துப்பிழை ஆனவங்களுக்காக வச்சது. அதைப் பிடிச்சுக்கிட்டு லட்சக்கணக்குல டொமைன்களை ஓசியில எடுத்து, அஞ்சு நாள் பயன்படுத்திட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. பெரும்பாலும் விளம்பரப் பக்கம் போட்டுக் காசு பாக்கத்தான், ஆனா அஞ்சு நாள் உயிருள்ள ஓசி டொமைன் ஸ்பாம்காரனுக்கும் வசதிதானே. 2008, 2009-ல ஐகான் இதுக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் போட்டப்புறம் அந்த வியாபாரம் கிட்டத்தட்ட ஒழிஞ்சது. ஆனா டொமைன் விலை சல்லிசா இருக்குறவரைக்கும், வாங்கி, அடிச்சுட்டு, தூக்கிப்போடுற பழக்கம் போகல.

இப்ப அஞ்சல் பெட்டி நடத்துறவர் பக்கம் இருந்து பாருங்க. பழைய பாவம் எதுவும் இல்லாத முகவரி ஒண்ணு வந்து நிக்குது. அது புதுசா கடை திறந்தவரா இருக்கலாம். ஆனா நேத்து எரிச்சுட்டு இன்னைக்குப் புது வேஷம் கட்டினவனா இருக்க எத்தனை மடங்கு வாய்ப்பு அதிகம்! சுத்தமான சரித்திரம்ங்கறதே சந்தேகத்துக்குரிய அடையாளமா ஆயிடுச்சு. என் கேள்விக்குப் பதில் இங்கதான் கிடைச்சது. வெறுங்கையோட வர்றவனை நல்லவன்னு எடுத்துக்கிற வழக்கம், வெறுங்கையைத் திரும்பத் திரும்பத் தயாரிக்கத் தெரிஞ்சவங்களால செத்துப் போச்சு.

இந்த மாற்றத்தை நேரடியாப் பாக்கணும்னா 2003-ல ஈவன் ஹாரிஸ் எழுதி வெளியிட்ட 'கிரேலிஸ்டிங்' யோசனையைப் பாக்கலாம். முன்ன பாக்காத ஐ.பி., அனுப்புநர், பெறுநர் சேர்க்கை வந்தா, 451-னு தற்காலிக மறுப்பு சொல்லி அனுப்பிடு. ஒழுங்கான சர்வர் கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப வரும். அவசரக்காரன் வரமாட்டான். இதுல மடல்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே இல்ல. "உன்னை இதுக்கு முன்ன பாத்ததில்லையே, போயிட்டு அப்புறம் வா" அவ்வளவுதான். அன்னியன்ங்கறது மட்டுமே நிறுத்தி வைக்கப் போதுமான காரணம் ஆன இடம் இது.

சரி, பழகினவன் யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஐ.பி.யை நம்ப முடியாது, பல பேர் ஒரே சர்வர்ல இருந்து அனுப்புறாங்க. டொமைன் பேரை யார் வேணாலும் போட்டுக்கலாம், அதையும் நம்ப முடியாது. அதனால முதல்ல பேரை உறுதி செய்யணும்னு ரெண்டு வழி வந்துச்சு. 2003-ல மெங் வெங் வாங் முன்னெடுத்த எஸ்.பி.எஃப்., "என் பேர்ல மடல் அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் உரிமை"ன்னு டொமைன்காரர் டி.என்.எஸ்.ல எழுதி வைக்கிறது. யாஹூவுல மார்க் டெலனி செஞ்ச டொமைன்கீஸும் சிஸ்கோவோட ஒரு முறையும் கலந்து 2007-ல டிகிம் ஆச்சு. ஒவ்வொரு மடலுக்கும் ஒரு மறைக்குறிக் கையெழுத்து. அப்புறம் 2012-ல வந்த டிமார்க், "வாசகர் கண்ணுக்குத் தெரியிற அனுப்புநர் பேரும் இந்தக் கையெழுத்துல இருக்குற பேரும் ஒண்ணா?"ன்னு பாத்துச்சு.

இதெல்லாம் ஸ்பாமைத் தடுக்க வந்ததுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்ல. ஸ்பாம்காரனும் கையெழுத்துப் போடலாம், யார் தடுக்கிறது? இதோட நிஜ வேலை, கணக்கை யார் பேர்ல எழுதுறதுன்னு முடிவு செய்யிறது. 2006-ல நடந்த மாநாடு ஒண்ணுல ஜிமெயில்ல வேலை பாத்த பிராட்லி டெய்லர் ஒரு கட்டுரை வாசிச்சார். உறுதி செய்யப்பட்ட டொமைன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரேடு. வந்த மடல்ல எத்தனை நல்லது, எத்தனை ஸ்பாம், பயனர்கள் 'இது ஸ்பாம்' பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாங்க, 'ஸ்பாம் இல்லை'ன்னு எத்தனை தடவை மீட்டாங்க. நல்லதை மொத்தத்தால வகுத்தா நற்பெயர். உள்ளுக்குள்ள இன்னைக்கு இது எவ்வளவோ சிக்கலாயிருக்கும். ஆனா புது டொமைனோட நிலைமையைப் புரிஞ்சுக்க இந்த எளிய வகுத்தல் போதும். மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம். மதிப்பெண் குறைவுன்னுகூடச் சொல்ல முடியாது, மதிப்பெண்ணே கிடையாது. அந்த நிலையில ஒரே ராத்திரி 3,200 மடல் வந்தா, முதல் நூறு மடலுக்கு மக்கள் என்ன செஞ்சாங்களோ அதுதான் ஜாதகம். எங்க முதல் நூறுல இருந்தது எட்டு வருஷம் முன்னாடி நோட்டுல கிறுக்கிட்டுப் போன, எங்களை மறந்தே போன மக்கள்!

புது டொமைன்ங்கறதையே ஒரு பட்டியலா வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சப்ப இன்னும் ஆச்சரியம். ஸ்பாம்ஹவுஸ்ல ஒரு பட்டியல், முதல் தடவையாக் கண்ணுல பட்ட டொமைன்களை 24 மணி நேரம் வச்சிருக்கும். குற்றம் எதுவும் வேண்டாம், பிறந்ததே போதும்.

இனிமே எங்க ரெண்டாவது முயற்சி. 2024 செப்டம்பர் கடைசியில நண்பர் போன் பண்ணினார். "ஏனுங்க, திரும்ப ஒருக்கா பாக்கலாமுங்களா?" ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்ன இன்னொரு முன்வெளியீடு, அதே 150 பேர் கணக்கு. புது டொமைனா வாங்கிடலாமான்னு கேட்டார். வேண்டாம்னேன். கெட்ட பேரை விட்டுட்டுப் புதுப் பேரோட வர்றது யாரோட வழக்கம்னு மேல சொல்லியாச்சு. தவிர, அந்தப் பேரு புத்தகங்களோட பின்னட்டையில எல்லாம் அச்சாகியிருக்கு. ரெண்டரை வருஷமா மொத்த மடல் எதுவும் போடாம, சாதாரணக் கடிதம் மட்டும் எழுதினதுல பிரதான டொமைன் தேறி வந்திருந்துச்சு. அதனால அறிவிப்பு மடல்களுக்குன்னு தனியா ஒரு துணை டொமைன் வச்சோம். முழுசா வேற ஆளாக் கருதமாட்டாங்க, அப்பன் பேரு பிள்ளைக்கும் பிள்ளை பேரு அப்பனுக்கும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். ஆனாலும் பிள்ளை செஞ்ச தப்புக்கு அச்சகத்துக்குப் போற மடல் முதல் அடியை வாங்காது.

டி.என்.எஸ்.ல எழுதினது இது. பேருக்குப் பதிலா example போட்டிருக்கேன், சாவி நீளம்ங்கறதால சுருக்கிட்டேன்:

```
news.example.org.               TXT "v=spf1 include:_spf.example.net -all"
s1._domainkey.news.example.org. TXT "v=DKIM1; k=rsa; p=MIIB..."
_dmarc.example.org.             TXT "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.org"
```

2022-ல என்ன தப்பு பண்ணியிருந்தேன்னு இதை எழுதும்போதுதான் பிடிபட்டுச்சு. அப்பவும் டிகிம் கையெழுத்து இருந்துச்சு. ஆனா கையெழுத்துல இருந்தது மடல் அனுப்பித் தர்ற சேவையோட டொமைன், எங்களோடது இல்ல. எங்களுக்கு வந்திருக்க வேண்டிய கொஞ்சநஞ்ச நல்ல பேரும் அவங்க பேரேட்டுக்குப் போயிடுச்சு. இப்ப ஒரு மடலை எனக்கே அனுப்பி, ஜிமெயில்ல 'Show original' போய்ப் பாத்தேன்:

```
dkim=pass header.i=@news.example.org
spf=pass smtp.mailfrom=news.example.org
dmarc=pass header.from=news.example.org
```

மூணும் pass-னு வந்தாப் போதும்னு நிறைய பேர் நிறுத்திடுறாங்க. வலப்பக்கம் வர்ற பேரு மூணுலயும் உங்களோடதாங்கறதுதான் பாக்க வேண்டியது. இன்னொரு பொதுவான சறுக்கல், ஒரே பேருக்கு ரெண்டு எஸ்.பி.எஃப். வரி எழுதிடுறது. ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது.

அடுத்து பட்டியல். இங்கதான் நண்பருக்கும் எனக்கும் சண்டை. திரும்பி வந்த முகவரிகள், ரொம்பப் பழைய நோட்டுகள், எழுத்து சரியாப் புரியாம நான் ஊகிச்சு அடிச்சதுகள், எல்லாத்தையும் வெட்டி 3,200-ஐ 1,940 ஆக்கினேன். அவருக்கு வயிறு எரிஞ்சுது. "ஒவ்வொண்ணும் ஒரு வாசகருங்க" அப்படின்னார். செத்துப் போன முகவரிகள்ல சிலதை அஞ்சல் நிறுவனங்களும் பட்டியல்காரங்களும் பொறியா வச்சிருப்பாங்க, அதுக்கு அனுப்புறவன் தன் பட்டியலைக் கவனிக்காதவன்னு அதுலயே தெரிஞ்சுடும்னு சொன்னப்புறம்தான் சம்மதிச்சார்.

வார்ம்-அப்னு இதைச் சொல்றாங்க. முன்ன, புதுசா வாடகைக்கு எடுத்த ஐ.பி.க்கு மெதுவா மடல் ஏத்துறதுக்கு வந்த சொல். பிறகு டொமைனுக்கும் ஒட்டிக்கிச்சு. அளவைக் கூட்டுறது மட்டும்தான் வார்ம்-அப்னு நினைச்சா பாதிதான் புரிஞ்ச மாதிரி. மேல சொன்ன வகுத்தல்ல கீழ இருக்குற எண் மெல்ல ஏறணும், ஏறும்போது மேல இருக்குற எண்ணும் கூடவே ஏறணும். அதனால யாருக்கு முதல்ல அனுப்புறோம்ங்கறது எத்தனை அனுப்புறோம்ங்கறதைவிட முக்கியம்.

முதல் வாரம், ஒரு நாளைக்கு 20 பேர், அஞ்சு நாள். கடந்த ஒரு வருஷத்துல புத்தகம் வாங்கி, மடலும் எழுதினவங்க மட்டும். விளம்பரம் இல்ல. "அடுத்து எதை மறுபதிப்பு செய்யலாம்?"னு நாலு வரி, படம் கிடையாது, சுருக்கின சுட்டி கிடையாது. பாதிப் பேருக்கு மேல பதில் எழுதினாங்க. பதில் எழுதுறது, ஸ்பாம்ல இருந்து எடுத்து வெளிய போடுறது இதெல்லாம் பெறுநர் பக்கத்துல இருந்து கிடைக்கிற நல்ல சாட்சி. ரெண்டாவது வாரம் நாளைக்கு 40. மூணாவது வாரம் 80.

மூணாவது வாரம் செவ்வாய்க்கிழமை இடிச்சுது. அன்னைக்குப் போன 80-ல 7, `550 5.1.1`-னு திரும்பி வந்துச்சு, அப்படி ஒரு பயனரே இல்லைன்னு அர்த்தம். முதல் ரெண்டு வாரத்துல மொத்தமா ரெண்டு வந்திருந்தா அதிகம். நூத்துக்கு ஒம்பது பக்கம்! அன்னைக்கே நிறுத்திட்டு நோட்டைப் புரட்டினா, ஏழும் ஒரே வருஷத்து நோட்டு. நான் வெட்டத் தவறின ஒண்ணு. அந்த வருஷத்துல மீதி இருந்ததையும் சேத்து 140 முகவரியைத் தூக்கிட்டு, அந்த வாரம் மிச்ச நாள் அனுப்பல. நண்பர் "இன்னும் மூணு நாள் வீணுங்களே"ன்னார். அடுத்த வாரம் 80-லயே திரும்ப ஆரம்பிச்சு, அதுக்கடுத்த வாரம் 120, ஆறாவது வாரம் ரெண்டே நாள் 170. ஆக 1,800 பேருக்கும் ஒரு தடவை போயாச்சு.

இந்தச் சின்ன அளவுல பெரிய இடைஞ்சல், கண்ணாடி கிடையாது. கூகுளோட போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ல புகார் விகிதம் காட்டுவாங்க, ஆனா எண்ணிக்கை குறைஞ்சா அங்க ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் ஒரு பொறி இருக்கு. மடலெல்லாம் நேரா ஸ்பாம் பெட்டிக்கே போயிட்டா, யாரும் புகார் பொத்தானை அமுக்கப் போறதில்ல, விகிதம் அழகா பூஜ்யம் காட்டும். அதனால நான் நம்பினது திரும்பி வர்ற மடல் எண்ணிக்கை, பதில் எண்ணிக்கை, வெவ்வேற இடங்கள்ல எங்க நண்பர்கள் வச்சிருக்குற நாலு பெட்டி. அப்புறம் ஒண்ணு, பேரேடு ஒவ்வொரு அஞ்சல் நிறுவனத்துலயும் தனித்தனி. எங்க பட்டியல்ல முக்கால்வாசி ஜிமெயில். யாஹூ முகவரிகள் நாளைக்கு ரெண்டு மூணுதான் போச்சு. ஜிமெயில்ல நல்லாப் பழகியாச்சுங்கறதுக்காக யாஹூவுல நம்மளைத் தெரிஞ்சிடாது. யாஹூக்காரங்களை ஒரே நாள்ல சேத்து அனுப்பாம கடைசி வரைக்கும் பரப்பியே வச்சோம்.

2024 பிப்ரவரியில கூகுளும் யாஹூவும் கொண்டு வந்த விதிகளைப் பத்திக் கேப்பீங்க. ஜிமெயிலுக்கு நாளொண்ணுக்கு 5,000-க்கு மேல அனுப்புறவங்களுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் எல்லாமே கட்டாயம், விளம்பர மடல்னா ஒரே சொடுக்குல விலகுற வசதியும் வேணும். புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 0.3-ஐத் தொடவே கூடாது. 2025 மே மாசம் மைக்ரோசாஃப்ட்டும் அதே மாதிரி உறுதிப்பாட்டு விதியோட வந்துச்சு. நாங்க 5,000-க்குப் பக்கத்துலகூட இல்ல. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, 250 மடல்ல ஒரே ஒருத்தர் புகார் பொத்தானை அமுக்கினா 0.4 சதவீதம். அதனால விலகுற சுட்டியை மடலோட அடியில ஒளிச்சு வைக்காம மேலயே வச்சோம். கோவமா இருக்குறவருக்கு விலகுறது புகாரைவிடச் சுலபமா இருக்கணுமில்ல.

வார்ம்-அப் செஞ்சு தர்றோம்னு காசு வாங்குற சேவைகளும் உண்டு. நூத்துக்கணக்கான பெட்டிகள் ஒண்ணுக்கொண்ணு மடல் போட்டு, தானாவே திறந்து, தானாவே பதில் எழுதிக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே பொண்ணு வீட்டுக்காரங்களா நடிக்கிற கல்யாணம்! 2023-ல கூகுள் கட்டாயப்படுத்தினதுல இப்படி ஒரு சேவை மூடவே மூடிடுச்சு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. சாட்சி போலியா இருந்தா, நிஜ ஜனங்க கையில மடல் போற அன்னைக்கு விகிதம் தன் நிஜ இடத்துக்கு வந்துடும்.

அறிவிப்பு மடல் நாளைக்கு 250 வீதம் எட்டு நாள் போச்சு. ஏழாவது நாள் ராத்திரி முன்பணம் 150-ஐத் தாண்டி, கடைசியில 164-ல நின்னுச்சு. எட்டாவது நாள் காலையில நண்பர் அட்டைப்படத்தைச் சிவகாசிக்கு, பிரதான டொமைன்ல இருந்துதான், அனுப்பினார். அனுப்பிட்டு, மடல் வந்துச்சான்னு போனும் போட்டாராம். அந்தப் பழக்கத்தை மட்டும் இன்னும் விடல அவர் :-)